கடைசிச் சந்தேஷ்

கலியாண வீட்டில் ஒருவரையொருவர் கேலி செய்து மகிழ்வது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. நலங்கின்போது சம்பந்திகளைக் குறித்து ஏசல் பாடுவதைப் பாட்டிமார் ஒரு கலையாகவே வளர்த்திருந்தனர். பிள்ளை வீட்டாரின் பசி, மாமியாரின் மூக்கு, மாப்பிள்ளையின் நடை என்று ஒன்றும் அப்பாட்டுக்குத் தப்பாது. வங்காளத்திலும் திருமண இரவில் மணமக்களைச் சூழ்ந்து அமர்ந்து, விடியும்வரை கேலி பேசிப் பாட்டுப் பாடிக் கழிப்பது பழைய வழக்கம். இவ்விரு வழக்கங்களுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கொல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டி, லேக் மார்க்கெட்டுக்கு அருகில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வாழையிலையும் முருங்கைக்காயும் அந்தக் கடைவீதியில் கிடைத்துவிடும். சந்தேஷும் ரசகுல்லாவும் எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு தை மாதத்தில் எங்கள் உறவுப் பெண் ஒருத்திக்குத் திருமணம் நடந்தது. மார்கழியில் நாம் திருமணம் செய்வதில்லை. வங்காளிகளும் ஏறத்தாழ அதே நாட்களில் வரும் தங்கள் பௌஷ மாதத்தில் செய்வதில்லை. ஆகவே தை பிறந்ததும் இரு சாராரும் ஒருங்கே மண்டபம் தேடுவார்கள். சமையற்காரருக்கும் இனிப்புக் கடைக்காரருக்கும் ஓய்வு இராது. அந்தக் கலியாணத்தின் மாலை வரவேற்பில், உறவினரும் நண்பருமாகிய இளைஞர் எண்மர் கூடி ஒரு சிறு நாடகம் போட்டோம். பஃபே வரிசையில் தட்டேந்தி நிற்கும் ஒரு மாமா, மேஜையில் எஞ்சியிருக்கும் கடைசி இனிப்பை எப்படியேனும் அடைந்துவிடச் சூழ்ச்சி செய்கிறார். கதை இவ்வளவே. இதை எழுதுவது எளிது என்று எண்ணித் தொடங்கினோம். அவ்வாறு இல்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

முதலில், எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடகத்து மாமா அல்லர். மணப்பெண்ணின் தாய்மாமனாகிய மெய்யான மாமா. அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. எங்கள் குடும்பத்துக் கலியாணங்களில் நாற்பது ஆண்டுகளாகப் பந்தி விசாரிப்பவர் அவரே. பந்தி விசாரிப்பது என்றால் பரிமாறுவதன்று. பரிமாறுபவர் வேறு. இவர் தோளில் அங்கவஸ்திரத்துடன் இரண்டு வரிசை இலைகளுக்கு நடுவே நடப்பார். எந்த இலையில் ரசம் வரவில்லை, எந்தக் குழந்தை அப்பளத்துக்கு அழுகிறது, எந்தப் பெரியவர் வெட்கத்தால் பாயசம் வேண்டாம் என்கிறார் என்பதெல்லாம் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். உக்கிராண அறையின் சாவியும் அவர் மடியில் இருக்கும். ஆகையால் எத்தனை லட்டு மிச்சம், எத்தனை பந்தி மிச்சம் என்ற கணக்கும் அவரிடமே இருக்கும். “இன்னும் ஒன்றே ஒன்று” என்று அவர் குனிந்து சொன்னால் மறுத்தவர் எவரும் இல்லை.

பஃபே வந்தபின் அவருக்கு வேலை போயிற்று. நின்றுகொண்டு உண்பவரை எவ்வாறு விசாரிப்பது? அவரவர் தட்டை அவரவரே நிரப்பிக்கொள்ளும் இடத்தில் குறை தீர்க்க ஒருவர் எதற்கு? வரவேற்புகளில் அவர் ஒரு தட்டைப் பிடித்தபடி மேஜைகளைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, பாதி உண்ணாமலே திரும்புவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். இனிப்பு மேஜையருகே நெடுநேரம் நிற்பார், எடுத்துக்கொள்ள மாட்டார். ‘மாமா கடைசி இனிப்புக்குக் குறி வைத்திருக்கிறார்’ என்று எங்களுள் ஒருவர் எப்போதோ சொன்ன வேடிக்கையிலிருந்தே இந்த நாடகம் பிறந்தது.

இனி நாடகத்தின் அமைப்பைச் சொல்கிறோம். இதனுடைய உயிர் வசனத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது என்பதை இரண்டாம் ஒத்திகையில் கண்டுகொண்டோம். வரிசையில் எத்தனை பேர், தட்டில் எத்தனை இனிப்பு என்பதைப் பார்ப்பவர் தம் மனத்திலேயே எண்ணிக்கொண்டு வந்தாலன்றி மாமாவின் சூழ்ச்சிக்குப் பொருளே இல்லை. முதலில் பதினைந்து இனிப்பும் பல ஆட்களும் வைத்து முயன்றோம். எவராலும் கணக்கு வைக்க முடியவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னர் நான்கு இனிப்பு, ஏழு பேர் என்று குறைத்தோம். மாமா ஏழாமவர். பரிமாறும் பையன் இடுக்கியால் ஆளுக்கு ஒன்று வைக்கிறான். அப்படியானால் மாமாவுக்கு முன் நிற்கும் ஆறு பேரில் மூவர் விலகினால்தான் நான்காவது இனிப்பு அவருக்கு. திரை விலகியதும் மாமா விரலை நீட்டி வரிசையை ஒருமுறை, இனிப்பை ஒருமுறை எண்ணுகிறார். சபையும் அவருடன் எண்ணிவிடுகிறது. அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை.

அவருக்கு நேர்முன் நிற்பவர் ஒரு பெரியவர். மாமா அவரிடம் மிகுந்த பரிவுடன், “நாளைக் காலையில்தானே உங்களுக்கு இரத்தப் பரிசோதனை?” என்று கேட்கிறார். பெரியவர் இனிப்பைப் பார்க்கிறார், மாமாவைப் பார்க்கிறார், பெருமூச்சுடன் விலகுகிறார். அடுத்து, வரிசையின் நடுவில் நிற்கும் கல்லூரி மாணவர் இருவர். மாமா அவர்களிடம் ஒன்றுமே சொல்வதில்லை. கூரையை நோக்கி, “வாழைப்பூ சாப் இப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தார்களாம், அந்தக் கோடி மேஜையில்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். இருவரும் ஓடிவிடுகின்றனர். மூவர் கழிந்தனர். மாமா இப்போது நான்காமவர். இனிப்பும் நான்கு. சபை நிம்மதியடைகிறது.

அந்த நிம்மதிதான் நாடகத்துக்கு வேண்டியது. வரிசை நகர்கிறது. முதலில் நிற்கும் வங்கி அதிகாரி ஒன்று பெற்றுக்கொள்கிறார்; மூன்று மிச்சம். இரண்டாமவர் ஓர் அம்மையார். ஒன்று வாங்கியவர், “குழந்தைக்கு ஒன்று” என்கிறார். குழந்தை எங்கும் காணப்படவில்லை. ஆயினும் பையன் கொடுத்துவிடுகிறான். இப்போது மிச்சம் ஒன்றே. மாமாவுக்கு முன்போ புகைப்படக்காரரின் உதவியாளர் நிற்கிறார். கூட்டிக் கழித்து வெற்றி கண்ட மனிதர் மறுபடியும் தோற்றுவிட்டார். அவர் முகம் மாறுவதற்கு நடிகர் எடுத்துக்கொள்ளும் நேரம் மூன்று நொடி. அந்த மூன்று நொடியை ஒரு நொடியாக்கினால் சிரிப்பு வருவதில்லை. பிறகு மாமா, “தம்பி, மணமேடையில் உன்னைத் தேடுகிறார்கள், விளக்கு அணைந்துவிட்டதாம்” என்கிறார். உதவியாளர் ஓடுகிறார். மேஜையின் முன் மாமா தன்னந்தனியே. தட்டில் ஒரே ஒரு இனிப்பு.

மேடை ஏற்பாட்டைப் பற்றியும் சில சொற்கள். வரிசை என்றால் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பது. மேஜையை மேடையின் பின்புறம் வைத்தோமானால் ஏழு முதுகுகளைத்தான் சபையோர் காண்பர். பக்கவாட்டில் நேர்க்கோடாக நிறுத்தினால் ஒருவர் முகம் மற்றொருவரை மறைக்கும். ஆதலால் மேஜையை வலப்புறப் பின்மூலையிலும், வரிசையின் வாலை இடப்புற முன்மூலையிலும் வைத்துக் குறுக்குக் கோடாக நிறுத்தினோம். இதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒலிவாங்கி. சூழ்ச்சிகள் அனைத்தும் வாலில் நின்று மெல்லப் பேசப்படுபவை. வால் முன்னால் இருந்தபடியால் ஒலிவாங்கி அங்கே நின்றது. மாமா முன்னேற முன்னேற ஒலி குறைந்துபோகுமே என்றால், அதற்கேற்ப அவர் பேச்சையும் குறைத்துவிட்டோம். மேஜையை அடையும்போது அவருக்கு ஒரு சொல்லைத் தவிர வேறில்லை.

இனிப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வழக்கு நடந்தது. ரசகுல்லா என்றார் ஒருவர். மேடைக் கம்பளமெல்லாம் பாகு சொட்டும் என்று மறுத்தோம். லட்டு தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும். ஆனால் கொல்கத்தாவில் நடக்கும் கதைக்கு லட்டு எதற்கு? முடிவில் சந்தேஷ் என்றானது. பாலைத் திரித்து நீரை வடித்து எடுக்கும் சானாவைச் சர்க்கரையோ வெல்லமோ சேர்த்துக் கிளறி அச்சில் இடுவதே சந்தேஷ். குளிர்காலத்தில் ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லம் வரும். அதைச் சேர்த்த சந்தேஷுக்காக வங்காளிகள் ஆண்டு முழுதும் காத்திருப்பர். தை மாதம் அதற்கு நல்ல பருவம். ஆனால் அந்த வெல்லச் சந்தேஷ் பழுப்பு நிறம். மரத்தட்டில் வைத்தால் இரண்டாம் வரிசையில் இருப்பவருக்கே தெரியாது. தட்டின்மேல் வெள்ளைத் துணி விரித்தோம். பெரிய அச்சில் வார்த்ததாகக் கேட்டு வாங்கினோம்.

பெரிய அச்சு என்றவுடன் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது ஜல்பரா சந்தேஷ். இதற்கும் ஒரு கலியாணக் கேலிக்கும் உறவு உண்டு. சந்தன்நகரைச் சேர்ந்த சூர்ய குமார் மோதக் என்னும் இனிப்புக் கலைஞரிடம், பத்தொன்பதாம் நூற்றாண்டில், அண்மையிலுள்ள தெலினிபாடா என்னும் ஊரின் ஜமீன் குடும்பத்தார் ஒரு விநோதமான வேண்டுகோளை விடுத்தனராம். புது மருமகன் விருந்துக்கு வருகிறான், அவனைக் கேலி செய்வதற்கு ஓர் இனிப்பு வேண்டும் என்பது வேண்டுகோள். அவர் நுங்கின் வடிவில் சந்தேஷ் வார்த்து, நுங்குக்குள் நீர் இருப்பதுபோலவே உள்ளே பன்னீரை நிரப்பி அனுப்பினார். மருமகன் கம்பீரமாகக் கடித்தான். பன்னீர் அவன் பட்டாடையில் பீறிட்டது. வீடே சிரித்தது. இன்றும் அந்த இனிப்பு அதே வடிவில் விற்கிறது. குளிர்காலத்தில் உள்ளே பன்னீருக்குப் பதில் ஈச்ச வெல்லப் பாகை நிரப்புவதும் உண்டு. வாயை முழுதும் மூடிக் கடிக்கத் தெரியாதவர் அகப்பட்டுக்கொள்வர்.

கேட்க வேண்டுமா? நாடகத்தின் முடிவு கிடைத்துவிட்டது என்று துள்ளினோம். மாமா கடைசி ஜல்பராவைத் திருட்டுத்தனமாகக் கடிக்கிறார். பாகு ஜிப்பாவில் வழிகிறது. விரட்டப்பட்ட நால்வரும் திரும்பி வந்து கறையைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கின்றனர். திரை. ஒத்திகையில் நடிகர் உண்மையாகவே கடித்து ஒரு நல்ல சட்டையைப் பாழாக்கினார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்று ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு முதிய சமையற்காரர். எங்கள் மாமாவுடன் பல கலியாணங்களில் உடன் நின்றவர். அவர் சிரிக்கவில்லை. “நாடகம் நன்றாக இருக்கிறது. ஆனால் இது அவர் இல்லை” என்றார். ஏன் என்று கேட்டோம். “அவர் தம் கையால் ஓர் இனிப்பை எடுத்து உண்டு நான் பார்த்ததில்லை. கடைசிப் பந்தியில் எங்களோடு உட்காருவார். நான் வைக்கப் போவேன், வேண்டாம் என்பார். மறுபடி வைக்கப் போவேன், வேண்டாம் என்பார். மூன்றாம் முறை இலையிலிருந்து கையை விலக்குவார். அப்படி உண்டு பழகியவர். இங்கே யார் அவரை வேண்டுகிறார்கள்?” என்றார்.

நாங்கள் வாயடைத்துப்போனோம். மாமா இனிப்பு மேஜையருகே நின்றது இனிப்புக்கு ஏங்கி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பந்தியில் இனிப்பு நம்மைத் தேடி வருகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்பவருக்கு, கேளாதவர்போல் வைத்துவிடும் உரிமை பரிமாறுபவருக்கு. இவ்விரண்டும் சேர்ந்ததே உபசாரம். பஃபேயில் நாம் இனிப்பைத் தேடிப் போகிறோம். எவரும் வற்புறுத்துவதில்லை, ஆகையால் மறுப்பதற்கும் வழியில்லை. மறுத்துப் பெறுவதே மரியாதை என்று பழகிய ஒரு மனிதருக்கு அந்த மேஜை எவ்வளவு கடக்க முடியாத இடம் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தவிர, முதல் வரிசையில் அவர் அமர்ந்திருக்கும்போது, மூன்னூறு பேர் நடுவில் அவரைப் பேராசைக்காரராக்கிக் கறையைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கவிருந்தோம். மணப்பெண்ணைத் தோளில் தூக்கி மாலை மாற்றச் செய்ய வேண்டிய தாய்மாமன் அவர். முதுமையால் அதையும் அவ்வாண்டு இளையவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

முடிவை மாற்றினோம். மாமா மேஜையை அடைகிறார். பையன் இடுக்கியை உயர்த்துகிறான். மாமா, வழக்கப்படி, “வேண்டாம்” என்கிறார். பையன் சரி என்று இடுக்கியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறான். மாமா திகைத்து நிற்கிறார். இனிப்பு இருக்கிறது, தட்டு இருக்கிறது, தடுப்பார் ஒருவரும் இல்லை. அவர் அக்கம்பக்கம் பார்க்கிறார். மறுபடியும், சற்று மெதுவாக, வெறும் காற்றிடம் “வேண்டாம்” என்கிறார். கேட்பார் இல்லை. அத்துடன் விளக்கை அணைத்தோம். பதினொரு நிமிடமாக இருந்த நாடகம் எட்டு நிமிடமாயிற்று.

உணவு திறப்பதற்கு முன்பே நாடகத்தை நடத்தினோம். பசித்த சபை இனிப்பை எண்ணுவதில் மிகக் கூர்மை காட்டியது. பெரியவர் விலகியபோதே சிரிப்பு எழுந்துவிட்டது. அம்மையார் குழந்தைக்கு ஒன்று கேட்டபோது மண்டபம் அதிர்ந்தது. இறுதி ‘வேண்டாம்’ வந்தபோது இளைஞர் சிரித்தனர். வயதானவர் பலர் சிரிக்கவில்லை. நாங்கள் திரையிடுக்கில் நின்று மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து, ஒன்றும் பேசாமல் வெளியே போனார்.

தேடிக்கொண்டு போனோம். உணவுக் கூடத்தில், மெய்யான இனிப்பு மேஜையின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பரிமாற நின்ற பையனிடமிருந்து இடுக்கியை வாங்கிவிட்டார். “இது போதுமா? இன்னும் ஒன்று. வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்? வையுங்கள் தட்டை” என்று ஒவ்வொருவரையும் வற்புறுத்தி இரண்டிரண்டாக வைத்துக்கொண்டிருந்தார். வங்காள விருந்தினர் முதலில் விழித்தனர். பின்னர் அவர்களும் “வேண்டாம், வேண்டாம்” என்று தமிழிலேயே சொல்லத் தொடங்கினர். அவர்கள் சற்றுமுன் நாடகத்தில் கற்ற சொல் அது. சொல்லச் சொல்ல மாமாவுக்கு உற்சாகம்.

விருந்து ஏற்பாட்டாளர்தான் முதலில் வெளிறினார். அவர் கணக்கு வேறு. முந்நூறு விருந்தினருக்கு 360 சந்தேஷ் வந்திருந்தது. சிலர் உண்ணமாட்டார்கள், சிலர் இரண்டு எடுப்பார்கள். ஆளுக்கு ஒன்று என்று இடுக்கியால் வைத்தால் மிஞ்சும், குறையாது. மாமா இரண்டிரண்டாக வைத்ததில், நூற்றைம்பதாவது விருந்தினர் நகர்ந்தபோதே முந்நூறு தீர்ந்திருந்தது. கலியாணத்தில் இனிப்புத் தீர்ந்துபோவதென்பது பெண் வீட்டாருக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று சொல்ல வேண்டியதில்லை. நாற்பது ஆண்டு உக்கிராணக் கணக்கு வைத்தவர் எப்படிக் கணக்கை மறந்தார் என்று பெண்ணின் தந்தை எங்களிடம் கடிந்துகொண்டார். மாமாவிடம் சொல்ல அவருக்கு மனமில்லை. சாவி இவர் மடியில் இல்லை, எத்தனை வந்தது என்று எவரும் இவரிடம் சொல்லவும் இல்லை என்பது பிறகுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

நல்லவேளை, ஊர் கொல்கத்தா. எங்களுள் இருவர் தெருமுனைக்கு ஓடினர். அரைமணிக்குள் மண்பானைகளில் ரசகுல்லா வந்து இறங்கிற்று. பின்னால் வந்தவர்கள் தங்களுக்குத்தான் சிறப்பு உபசாரம் என்று எண்ணிக்கொண்டனர்.

கூட்டம் கலைந்தபின் பார்த்தோம். வெள்ளைத் துணியின்மேல் ஒரே ஒரு ஜல்பரா எஞ்சியிருந்தது. மாமா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். எங்களில் இளையவள் ஒருத்தி இடுக்கியை எடுத்தாள். “மாமா, தட்டை நீட்டுங்கள்” என்றாள். வேண்டாம் என்றார். “ஒன்றே ஒன்று” என்றாள். வேண்டாம் அம்மா, நேரமாகிவிட்டது என்றார். அவள் கேளாதவள்போல் தட்டில் வைத்துவிட்டாள். அவர் கையை விலக்கவில்லை.

கடிக்கும்போது வாயை மூடிக் கடிக்க வேண்டும் என்று சொல்ல நாங்கள் அனைவரும் மறந்துவிட்டோம். பட்டு ஜிப்பா நனைந்துபோயிற்று.